முதல் நூறு பேர் ஒரே வால்வில் இருக்கிறார்கள்

கேள்வி: வணக்கம். எனக்கு ஊர் கோவை துடியலூர். சாஃப்ட்வேர் வேலை. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து ஆறு மாதத்தில் அக்கம்பக்கத்துக்கான ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதியிருக்கிறேன். பிளம்பர்-எலெக்ட்ரீஷியன் பட்டியல், பழைய சாமான் விற்பனை, காணாமல் போனவை, தண்ணீர்-கரண்ட் அறிவிப்பு, அரட்டை என்று ஐந்து பகுதிகள். ஆபீஸ் குரூப், காலேஜ் குரூப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் ஏபிகே லிங்க் போட்டேன். 43 பேர் இறக்கினார்கள். தினமும் திறப்பது நானும் என் தங்கையும்தான். விளம்பரத்துக்கு என்னிடம் காசு இல்லை. முதல் நூறு பேரை எப்படிப் பிடிப்பது?

பதில்: அந்த 43 பேரில் உங்கள் வீதியில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஆபீஸ் குரூப்பும் காலேஜ் குரூப்பும் வழியாக வந்தவர்கள் என்றால் ஒருவர் பீளமேடு, ஒருவர் சிங்காநல்லூர், இன்னொருவர் பெங்களூரு என்றுதான் இருக்கும். அக்கம்பக்க ஆப்பில் பீளமேட்டுக்காரருக்குத் துடியலூர்க்காரர் சொல்ல எதுவும் கிடையாது. திறந்தார், காலியாக இருந்தது, மூடினார். இப்படி ஊர் முழுக்கச் சிதறி இன்னும் நூறு பேர் வந்தாலும் இதே கதைதான். விளம்பரத்துக்குக் காசு இருந்திருந்தால் இதை ஐந்நூறு பேரோடு தெரிந்துகொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்கு வேண்டிய நூறு பேர், ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கு அன்றைக்கே பயன்படும் தூரத்தில் குடியிருக்க வேண்டும். அந்தத் தூரம் எவ்வளவு? பின்கோடு அல்ல, வார்டு அல்ல. நம் ஊரில் அதற்கு ஏற்கனவே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, அதுவும் மண்ணுக்கடியில். நல்ல தண்ணி வரும் குழாயின் வால்வு.

சிறுவாணியோ பில்லூரோ, நாள் முழுக்கத் தண்ணீர் வராத பகுதிகளில் ஒரு வால்வைத் திறந்தால் இத்தனை வீதி, அடுத்ததைத் திறந்தால் அத்தனை வீதி என்று முறை வைத்துத்தான் விடுகிறார்கள். எந்த நாள் என்பது ஏறக்குறைய தெரியும். எந்த நேரம் என்பது தெரியாது. அதிகாலை நாலு மணிக்கும் வரும், மத்தியானம் ரெண்டு மணிக்கும் வரும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் வந்துபோனால் அடுத்த முறை வரைக்கும் கேன் தண்ணீர்தான். உங்கள் ஐந்து பகுதிகளில் நாலாவதாக, கரண்டோடு ஒட்டி வைத்திருக்கிறீர்களே தண்ணீர் அறிவிப்பு, அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நாலையும் மறைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், கண்ணில் படாமல் எடுத்துவிட்டால் போதும்.

பிளம்பர் பட்டியலை ஏன் மறைக்கச் சொல்கிறேன் என்றால், ஒரு வீட்டுக்கு பிளம்பர் வேண்டியிருப்பது வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை. அதற்குள் உங்கள் ஆப் ஃபோனில் இருப்பதே மறந்துபோகும், அல்லது இடம் போதவில்லை என்று எடுத்துவிடுவார்கள். தண்ணீர் வாரம் ஒருமுறை வந்தாலும், வரும் நாளில் ஐந்தாறு தடவை எட்டிப் பார்க்க வைக்கும். பார்க்கிற பழக்கம் வந்த பிறகு பிளம்பரைக் காட்டுங்கள்.

போன கோடையில் குனியமுத்தூர் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இதே வேலையில் கூட இருந்தேன். அவர்கள் முதல் வால்வில் 86 வீடு. அதில் 14 ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த லைன் வீடுகள். அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே.

முதல் தண்ணி நாள் அன்று அவர்கள் ஆப் பக்கமே போகவில்லை. நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீதியில் நடந்தார்கள். வால்வு திறந்தது 5.10. வால்வை ஒட்டிய வீட்டில் தண்ணீர் வந்தது 5.20. நடு வீதியில் 5.45. மேட்டில் இருந்த கடைசி வீட்டில் சொட்ட ஆரம்பிக்கும்போது மணி 6.30 தாண்டிவிட்டது, 7.15க்கு நின்றுவிட்டது. ஒரே வால்வு, ஒரே நாள். தலைப்பக்க வீட்டுக்கு இரண்டு மணி நேரத் தண்ணீர், கடைக்கோடி வீட்டுக்கு முக்கால் மணி நேரம்.

இந்த நோட்டில்தான் உங்கள் முதல் நூறு பேர் இருக்கிறார்கள். தலைப்பக்க வீட்டுக்காரருக்கு உங்கள் ஆப் தேவையே இல்லை, அவருக்குத்தான் முதலில் வந்துவிடுகிறதே. ஆனால் சேதி அவரிடம்தான் இருக்கிறது. கடைக்கோடி வீட்டுக்காரருக்குச் சேதி வேண்டும், அதற்காக ஆப் என்ன, எதை வேண்டுமானாலும் இறக்குவார். ஆகவே கடைக்கோடியிலிருந்து ஆட்களைச் சேர்க்க வேண்டும், தலைப்பக்கத்திலிருந்து சொல்லுகிறவர் இரண்டு மூன்று பேரைப் பிடிக்க வேண்டும். எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே பேச்சோடு தட்டினால் பாதி வீட்டில் "எங்களுக்கு எதுக்குங்க?" என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான்.

சொல்லுகிறவர் யார்? குனியமுத்தூரில் வால்வுக்குப் பக்கத்தில் மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு அக்கா. நாலரைக்கே எழுந்து கிரைண்டர் போடுகிறவர், தண்ணீர் வந்தால் முதலில் தெரிந்துகொள்வதும் அவரே. அவரிடம் ஆப் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "அக்கா, தண்ணி வந்தா இந்தப் பச்சைப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிருங்க" என்று மட்டும் சொன்னோம். "அமுக்குனா என்னாகும்?" என்றார். "மேட்டு வீட்டு அம்மாவுக்கு ஃபோன் அடிக்கும்." அவ்வளவுதான் பயிற்சி. தலைப்பக்கத்தில் இன்னும் இரண்டு பேர், அதிகாலை நடைக்குப் போகும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பால் எடுக்க வரும் பையன் ஒருவன்.

வால்வு திறந்துவிடும் வாட்டர்மேனையே சொல்லவைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். வேலைக்கு இருப்பவர் ஃபோனில் சேதி போட்டு, ஒருநாள் நேரம் தவறினால் வீதி மொத்தமும் அவர் சட்டையைப் பிடிக்கும். அவரோடு டீ குடியுங்கள், எந்த வால்வு எந்த வீதிக்கு என்று கேட்டு வரைந்துகொள்ளுங்கள், அதோடு விடுங்கள். மாநகராட்சி முத்திரை மாதிரி எதையும் ஆப்பில் வைக்கவும் வேண்டாம். இது வீதிக்காரர்கள் வீதிக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்வது.

அடுத்து, கதவு தட்டும் வேலை. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல காரணம் தானாகவே கிடைக்கிறது. நீங்கள் தனிநபர் பெயரில் இப்போதுதான் ப்ளே ஸ்டோர் கணக்கு தொடங்கப்போகிறீர்கள் என்றால் ஆப்பை நேராக எல்லாருக்கும் வெளியிட முடியாது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, வெளியீட்டு அனுமதி கேட்பதற்கு முன்னால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்று வைத்திருந்தார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். நிறைய பேர் இதைத் தொல்லையாக நினைத்து, இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு 'நீ என்னுடையதைப் போடு, நான் உன்னுடையதைப் போடுகிறேன்' என்று மாற்றிக்கொள்கிறார்கள். உங்களுக்கு அந்தப் பன்னிரண்டு பேர் ஒரே வால்வில் கிடைக்கிறார்கள். பதினாலு நாளில் இரண்டு தண்ணி நாள் வந்துவிடும். கணக்கு தொடங்க 25 டாலர் ஒருமுறைக் கட்டணம் உண்டு. நீங்கள் செலவழிக்க வேண்டிய காசு ஏறக்குறைய அதுதான்.

ஏபிகே லிங்க்கை இன்றோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகேவைத் தொட்டு வங்கிக் கணக்கில் காசு போனதாக நாம் எல்லாரும் படிக்கிறோம். ஃபோனும் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே வரும்படி ஒரு அம்மாவுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தால், நாளைக்குத் திருடனுக்கும் அவர் அப்படியே கதவு திறப்பார்.

பன்னிரண்டு பேரைச் சேர்க்க அந்த அண்ணன் தம்பிக்கு மூன்று சாயங்காலம் ஆனது. மேட்டு வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கும் இதுதான் நடக்கும். அந்த அம்மா ஃபோனை எடுத்து வந்தார். சோதனையில் சேர ஃபோனில் இருக்கும் கூகுள் கணக்கின் மின்னஞ்சல் வேண்டும். அது சென்னையில் இருக்கும் மகன் பெயரில் இருந்தது, என்ன மின்னஞ்சல் என்று அம்மாவுக்குத் தெரியாது. ப்ளே ஸ்டோரில் மேலே இருக்கும் வட்டத்தைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். பட்டியலில் சேர்த்து, லிங்க் அனுப்பி, சம்மதம் தொட்டு, இறக்கப் போனால் இடமில்லை. ஃபோன் முழுக்கக் காலை வணக்கம் படங்கள். நூறு படத்தை அழித்து இடம் பண்ணினோம். இறக்கியதும் ஆப் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டது. ஆண்ட்ராய்டு 13லிருந்து ஒவ்வொரு ஆப்பும் இந்த அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டும். அவர் விரல் பழக்கத்தில் 'வேண்டாம்' பக்கம் போய்விட்டது. அங்கேயே முடிந்திருக்கும். அறிவிப்பு வராத தண்ணீர் ஆப் எதற்கு?

அன்றைக்கு இரண்டு மாற்றம் செய்தோம். ஆப் திறந்த உடனே அனுமதி கேட்பதை எடுத்துவிட்டு, முதலில் 'உங்கள் வீட்டு எண்?' என்று கேட்டு, பிறகு 'தண்ணி வந்தால் ஃபோன் அடிக்கட்டுமா?' என்று தமிழில் நம் திரையில் கேட்டு, 'அடிக்கட்டும்' தொட்ட பிறகே ஆண்ட்ராய்டின் கேள்வியைக் காட்டினோம். அப்புறம், வாசலிலேயே நின்று ஒரு சோதனை அறிவிப்பு அனுப்பி, ஆப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டு இன்னொன்று அனுப்பிப் பார்த்தோம். சில கம்பெனி ஃபோன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, ஒதுக்கித் தள்ளிய ஆப்பை எழவே விடுவதில்லை. அந்த ஃபோன்களில் பேட்டரி அமைப்புக்குள் போய் இந்த ஆப்புக்கு மட்டும் தடையை எடுத்துவிட வேண்டும். இதை அந்த வீட்டு வாசலில் நீங்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப் போவதில்லை. ஒரு வீட்டுக்கு இருபது நிமிஷம் ஆகும். பரவாயில்லை, நூறுக்கு இது தாங்கும். ஆயிரத்துக்குத் தாங்காது, ஆனால் ஆயிரம் இப்போது உங்கள் கவலை இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அதான் வீதி வாட்ஸ்அப் குரூப் இருக்குதுங்களே?" இருக்கிறது, அதோடு சண்டை போடாதீர்கள். அந்தக் குரூப்பைத் திறந்து, போன தண்ணி நாள் அன்று 'தண்ணி வந்துருச்சு' என்ற சேதி எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். காலை வணக்கம், ராசிபலன், யாரோ பேத்தி பிறந்தநாள், நடுவில் அது புதைந்திருக்கும். பாதிப் பேர் குரூப்பைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார்கள். மேலும் அந்தக் குரூப்பில் மூன்று நாலு வால்வுக்காரர்கள் கலந்திருப்பார்கள். அடுத்த வால்வில் வந்த தண்ணீருக்கு இவர் எழுந்து உட்கார்ந்திருப்பார். உங்கள் ஆப் செய்ய வேண்டியது ஒன்றுதான். என் வால்வில் வந்தால் மட்டும், சத்தமாக, ஒரே ஒரு தடவை அடிக்க வேண்டும். வேறு எதற்கும் அடிக்கக் கூடாது. பண்டிகை வாழ்த்துகூட வேண்டாம்.

பத்து இருபது பேர் சேர்ந்த பிறகு அந்தக் குரூப்பே உங்களுக்கு ஆள் கொண்டுவரும், ஆனால் நேரம் பார்த்து. குரூப் அட்மினிடம் கேட்டுக்கொண்டு, தண்ணீர் வந்துபோன அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரே சேதி: 'இன்னைக்கு நம்ம வீதிக்கு 5.20க்கு வந்துச்சு, 19 வீட்டுக்கு ஃபோன் அடிச்சுது.' கீழே லிங்க். தண்ணீரைத் தவறவிட்டவர் அப்போதுதான் எரிச்சலில் இருப்பார். மற்ற நாளில் போட்டால் யாரும் தொடமாட்டார்கள். அண்ணன் தம்பி அந்த வால்வுக்கு நாலு தண்ணி நாளில் நாலு சேதி மட்டும்தான் போட்டார்கள்.

மளிகைக் கடையில் கியூஆர் ஒட்டியதில் மூன்று பேர்தான் வந்தார்கள். சில்லறைக்கும் பைக்கும் நடுவில் யாரும் ஃபோனை எடுத்து ஸ்கேன் செய்வதில்லை. அதைவிட அயர்ன் வண்டி அண்ணன் உதவினார். தேய்த்த துணிக் கட்டோடு ஒரு துண்டுச்சீட்டு வைத்துக் கொடுத்தார். சீட்டில் பெரிய எழுத்தில் 'உங்கள் வால்வு: 2' என்று எழுதி, அந்த வீட்டுக்கான ஆறு இலக்க எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தோம். ஆப்பில் சேர அந்த எண் வேண்டும். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்பும் செலவு இல்லை, வெளியாள் உள்ளே வரவும் வழியில்லை.

இந்த எண் யோசனை எங்களுடையது அல்ல. அமெரிக்காவில் நெக்ஸ்ட்டோர் என்ற அக்கம்பக்க ஆப் ஆரம்பித்தபோது வீட்டு முகவரிக்கு அஞ்சலட்டையில் குறியெண் அனுப்பித்தான் ஆள் அங்கே குடியிருப்பதை உறுதி செய்தார்கள். இத்தனைக்கும் காசு உள்ள கம்பெனி. அவர்களும் மென்லோ பார்க்கில் லோரலை என்ற ஒரே குடியிருப்பில்தான் தொடங்கினார்கள், 2011இல்தான் நாடு முழுக்கத் திறந்தார்கள். என்னைக் கேட்டால் அதைவிட நீங்கள் பார்க்க வேண்டியது வெர்மான்ட் மாநிலத்து ஃப்ரண்ட் போர்ச் ஃபோரம். மைக்கேல் வுட்-லூயிஸ் என்பவர் 2000இல் பர்லிங்டனில் தன் வீட்டைச் சுற்றியுள்ள ஃபைவ் சிஸ்டர்ஸ் பகுதிக்கு மட்டும், துண்டுச்சீட்டு போட்டு, ஒரு மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கினார். அடுத்த பகுதிகளுக்குப் போகும் நிறுவனமாக அதை ஆக்கியது 2006இல். ஆறு வருஷம் ஒரே இடம். நான் உங்களை ஆறு வருஷம் இருக்கச் சொல்லவில்லை, ஆறு தண்ணி நாள் இருங்கள்.

இனி கெட்டுப்போகும் இடங்கள். எங்களுக்கு மூன்றாவது வாரமே கெட்டது. பால் எடுக்க வரும் பையன், அதிகாலை 3.40க்குப் பையிலிருந்த ஃபோனில் கை பட்டுப் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டான். இருபத்தாறு வீட்டில் ஃபோன் அடித்தது. ஆள் ஆளுக்கு எழுந்து குடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், குழாயில் காற்றுகூட வரவில்லை. விடிந்ததும் ஆறு பேர் ஆப்பை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் வந்தும் அடிக்காமல் போனால் மன்னிப்பார்கள், வராமல் அடித்தால் மன்னிப்பதில்லை. அதற்குப் பிறகு, சொல்லுகிறவர்களில் இரண்டு பேர் பத்து நிமிஷத்துக்குள் அமுக்கினால்தான் ஃபோன் அடிக்கும் என்று மாற்றினோம். சேதி ஐந்தாறு நிமிஷம் தாமதமாகும், கடைக்கோடி வீட்டுக்கு அதனால் ஒன்றும் குறையாது. போன ஆறு பேரின் வீட்டுக்கும் நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

இரண்டாவது சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஐந்தாவது தண்ணி நாளில் மேட்டு வீட்டு அம்மா கூப்பிட்டார். "ஏனுங்க, உங்க ஆப்பு வந்ததுக்கு அப்புறம் எங்களுக்குத் தண்ணியே ஏற மாட்டேங்குது." உண்மைதான். முன்பெல்லாம் நடு வீதியில் சிலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் அவர்களைத் தாண்டி மேட்டுக்கு ஏறிவிடும். இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து பிடிக்கிறார்கள், இரண்டு மூன்று வீட்டில் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அது சட்டப்படியே தப்பு. ஆப்பில் ஊரைத் திருத்த முடியாது. நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எல்லாருக்கும் அடிப்பதை விட்டு, அவரவர் குழாய்க்கு வழக்கமாகத் தண்ணீர் எட்டும் நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அடிக்கும்படி வைத்தோம். முதல் நாள் நோட்டில் எழுதிய நேரங்கள் அதற்கு உதவின. பாதி சரியானது. மீதிப் பாதிக்கு வீதிப் பெரியவர்கள்தான் மோட்டார் வீட்டுக்காரரிடம் பேச வேண்டியிருந்தது.

இன்னொன்று, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. ஆப்பில் எழுதும் இடம் வைத்திருந்தால் யாராவது 'நாங்க ஊருக்குப் போயிருக்கோம், தண்ணி வந்தா எங்க தொட்டியையும் திறந்துவிடுங்க' என்று போடுவார்கள். வீடு பூட்டியிருக்கிறது என்று வீதிக்கே அறிவிப்பது அது. ஆகவே இப்போதைக்கு எழுதும் வசதியே வேண்டாம், பட்டன் மட்டும். பெயர், ஃபோன் எண் எதையும் மற்றவருக்குக் காட்டாதீர்கள். யார் அமுக்கினார் என்பதும் தெரிய வேண்டாம், 'தலைப்பக்கத்தில் இருவர்' என்றால் போதும்.

நூறு என்பதை எப்படி எண்ணுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இறக்கிய கணக்கு உங்களை ஏமாற்றும், 43ஐப் பார்த்தீர்களே. அடுத்தடுத்த இரண்டு தண்ணி நாளிலும் ஆப்பைத் திறந்தவரைத்தான் ஒருவர் என்று எண்ண வேண்டும். அதையும் வால்வு வாரியாக. உங்களிடம் திறந்த பதிவுகள் `opens` என்ற அட்டவணையில் இருந்தால் இவ்வளவுதான்:

```sql
SELECT valve, COUNT(*) AS users
FROM (
  SELECT user_id, valve
  FROM opens
  WHERE water_day IN ('2025-03-04', '2025-03-11')
  GROUP BY user_id, valve
  HAVING COUNT(DISTINCT water_day) = 2
) t
GROUP BY valve;
```

தேதி இரண்டையும் உங்கள் வால்வின் கடைசி இரண்டு தண்ணி நாளாக மாற்றிக்கொள்ளுங்கள். வால்வுக்கு வால்வு நாள் வேறு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓட்டுங்கள். திறக்காமல் அறிவிப்புச் சத்தத்தை மட்டும் கேட்டு எழுபவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களைப் பிடிக்க, அறிவிப்பிலேயே 'பிடிச்சாச்சு' என்று ஒரு பட்டன் வைத்து அதையும் திறந்ததாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

குனியமுத்தூரில் இந்தக் கணக்குப்படி முதல் வால்வில் ஐந்தாவது தண்ணி நாளில் 38 பேர், எட்டாவதில் 47. அதற்கு மேல் நகரவில்லை. 86 வீட்டில் பாதிக்கு மேல் கிடைப்பது கஷ்டம். தலைப்பக்கம் வேண்டாம் என்கிறது, சிலரிடம் சாதாரண பட்டன் ஃபோன்தான் இருக்கிறது. 47இல் நின்றபோது தம்பி பதறி ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்து, அடுத்த வால்வுக்குப் போனோம். அங்கே மாவு அக்காவின் நாத்தனார் வீடு இருந்தது. அவரே முதல் ஆள். இரண்டாவது வால்வு நாலே தண்ணி நாளில் 35ஐத் தொட்டது, காரணம் இந்தத் தடவை வாசலில் பேசியது நாங்கள் அல்ல, முதல் வால்வுச் சொந்தக்காரர்கள். மூன்றாவது வால்வையும் சேர்த்து நூறாவது ஆள் வந்தது பதினான்காவது வாரத்தில்.

ஆள் சேர்த்தால் இருபது ரூபாய் ஜிபே என்று அண்ணன் ஒரு யோசனை சொன்னார். காசே இல்லாத உங்களுக்கு அந்த ஆசை வராது என்றாலும் சொல்லிவைக்கிறேன். காசுக்கு வருபவர் எந்த வால்விலும் இல்லாதவராக இருப்பார்.

எப்போது கைவிடுவது? மூன்று தண்ணி நாள் சரியாக அடித்தும், கடைக்கோடி வீடுகளில் நீங்கள் நேரில் இறக்கிக்கொடுத்த பத்துப் பேரில் ஐந்து பேர்கூடத் திறக்கவில்லை என்றால், அந்த வீதிக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். ஆழ்துளைக் கிணறு நன்றாக இருக்கலாம், எல்லார் வீட்டிலும் பெரிய தொட்டியும் மிதவை வால்வும் இருந்து தண்ணீர் தானாக நிரம்பலாம். அப்படிப்பட்ட வீதியில் எவ்வளவு கதவு தட்டினாலும் வீண். வேறு வால்வுக்குப் போங்கள். 24 மணி நேரக் குடிநீர் வந்துவிட்ட பகுதியிலும் இதற்கு வேலை இல்லை. உங்கள் பகுதிக்கும் ஒருநாள் அது வரும், அதற்குள் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை வீதி வாரியாகச் சொல்லும் பழக்கத்தையும் ஆப்புக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பத்திரிகையில் பகுதி பெயர்தான் வரும். நம் வீதி அதில் சேருமா சேராதா என்பதே எல்லார் சந்தேகமும்.

உங்கள் வீட்டுக்கு எந்த வால்வு என்று அம்மாவிடம் கேளுங்கள், தெரிந்திருக்கும். அடுத்த தண்ணி நாள் அன்று விடியலுக்கு முன் நோட்டோடு அங்கே நில்லுங்கள், தங்கையைக் கடைக்கோடி வீட்டு வாசலில் நிறுத்துங்கள். இரண்டு பேர் கடிகாரமும் ஒரே நேரம் காட்டுகிறதா என்று முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், மறைத்த நாலில் எதை முதலில் திறப்பது என்று அதை வைத்துப் பேசலாம்.